ஏசி லேபிளில் 3.1, 5.2, 6.5: வருடக் கணக்கில் எவ்வளவு காசு?

கேள்வி: "ஐயா, நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். 12க்கு 14 அடி படுக்கையறை, மேலே கொங்கிறீட். 12,000 பிடியு ஏசி ஒன்று எடுக்கப் போகிறோம். கடையில் மூன்று காட்டினார்கள். சாதாரண மெசினில் ஈஈஆர் 3.1 என்று போட்டிருக்கு. இன்வெர்ட்டரில் சிஎஸ்பிஎஃப் 5.2, விலை 65,000 ரூபா கூட. இன்னொரு இன்வெர்ட்டரில் 6.5, அது இன்னும் 70,000 கூட. மாரி நாலு மாதமும் போடமாட்டோம். மற்ற எட்டு மாதமும் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஓடும். ஏசி இல்லாமல் மாதம் 120 யூனிட் அளவில் வருகிறது. கூடக் கொடுக்கிற காசு திரும்பி வருமா?"

பதில்:

5.2 இலக்கம் போட்ட இன்வெர்ட்டரை எடுங்கள். உங்கள் பாவனைக்கு அந்த 65,000 ரூபா மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். 6.5க்காகக் கூடக் கொடுக்கும் 70,000 திரும்ப ஒன்பது வருடம் செல்லும். கடலோரத்தில் வைக்கும் ஒரு மெசினில் அவ்வளவு நீண்ட கணக்குப் பார்த்து நான் பணம் போட மாட்டேன். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன். கட்டணமோ விலையோ மாறினால் நீங்களே திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில், கடையில் காட்டிய 3.1உம் 5.2உம் ஒரே வகை எண்கள் அல்ல. ஈஈஆர் என்பது வெளியே 35 பாகை வெப்பம் இருக்கும்போது, மெசின் முழு வேகத்தில் ஓடினால், ஒரு அலகு மின்சாரத்துக்கு எத்தனை அலகு குளிர்ச்சி தருகிறது என்ற கணக்கு. ஒரேயொரு நிலைமையில் எடுத்த அளவு அது. சிஎஸ்பிஎஃப் ஒரு முழுப் பருவத்துக்கான அளவு. அதன் சர்வதேசத் தரமுறையில் வெளி வெப்பநிலை 21 பாகையிலிருந்து 35 வரை ஒவ்வொரு பாகைக்கும் இத்தனை மணித்தியாலம் என்று பிரித்து, மொத்தம் 1,817 மணித்தியாலம் மெசின் ஓடுவதாக வைத்துக்கொள்கிறார்கள். 20 பாகையில் அறைக்குக் குளிர்ச்சியே தேவையில்லை, 35இல் முழுக் குளிர்ச்சியும் தேவை, இடையில் படிப்படியாகக் கூடும் என்பது அதன் எடுகோள். அப்புறம் பருவம் முழுவதும் கொடுத்த குளிர்ச்சியை, பருவம் முழுவதும் இழுத்த மின்சாரத்தால் வகுக்கிறார்கள்.

இன்வெர்ட்டர் முந்துவது இந்த இடைப்பட்ட மணித்தியாலங்களில்தான். அறை குளிர்ந்த பிறகு அது கம்பிரசரின் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடும். அப்போது வெப்பத்தை வெளியே தள்ளும் சுருள், ஓடும் வேகத்துக்குப் பெரிதாகிவிடுவதால் அலகுக்கு அலகு கூடக் குளிர்ச்சி கிடைக்கிறது. சாதாரண மெசினுக்கு முழு வேகம் அல்லது நிற்பது என்ற இரண்டு நிலைதான். ஆனாலும் வெளியே வெப்பம் குறையும்போது அதுவும் கொஞ்சம் சிக்கனமாகத்தான் ஓடும். அதனால் ஈஈஆர் 3.1 உள்ள சாதாரண மெசினைப் பருவ முறையில் கணக்கிட்டால் சுமார் 3.3 வரும். ஒப்பிட வேண்டியது 3.3ஐயும் 5.2ஐயும். 3.1ஐ அப்படியே போட்டால் இன்வெர்ட்டரின் மிச்சம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இனி உங்கள் அறை. 12,000 பிடியு என்றால் 3.5 கிலோவாட் குளிர்ச்சி. எட்டு மாதம் என்றால் 240 இரவு, இரவுக்கு எட்டு மணித்தியாலம், ஆக 1,920 மணித்தியாலம். ஆனால் 3.5 கிலோவாட்டும் இரவு முழுக்கத் தேவைப்படாது. திருகோணமலையில் சூடான மாதங்களின் இரவில் வெளியே 27, 28 பாகை என்று எடுத்தால், மேலே சொன்ன எடுகோளின்படி முழுத் தேவையில் சுமார் பாதி. 3.5ஐ 1,920ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 3,360. வருடத்துக்கு உங்கள் அறை கேட்கும் குளிர்ச்சி அத்தனை அலகு. எந்த மெசினை வாங்கினாலும் அறை கேட்பது அதேதான். மின்சாரம் எவ்வளவு என்று அறிய, அதைப் பருவ எண்ணால் வகுத்தால் போதும்.

3.3ஆல் வகுத்தால் 1,018 அலகு. 5.2ஆல் வகுத்தால் 646. வித்தியாசம் வருடத்துக்கு 372 அலகு.

இந்த 372ஐ எந்த விலையால் பெருக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மொத்த பில்லை மொத்த அலகால் வகுத்து வரும் சராசரி விலையைப் போடக்கூடாது. நம் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 அலகுக்கு மேல் போனால் கடைசிப் படி, அதுதான் ஆக விலை கூடியது. உங்கள் வீட்டில் ஏற்கனவே 120 அலகு. ஏசி ஓடும் மாதங்களில் சாதாரண மெசின் 127 அலகு சேர்த்து 247 ஆக்கும். இன்வெர்ட்டர் 81 சேர்த்து 201 ஆக்கும். இடையில் உள்ள 46 அலகும் 180க்கு மேலேதான் கிடக்கிறது. அதாவது நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு அலகும் பில்லில் இருக்கும் ஆக விலை கூடிய அலகு. கட்டணம் அடிக்கடி மாறுவதால் கணக்குக்கு 60 ரூபா என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடைசி பில்லில் அந்தப் படிக்கு என்ன விலை என்று பார்த்து மாற்றிப் போடுங்கள். 372ஐ 60ஆல் பெருக்கினால் 22,320 ரூபா. 65,000 மூன்று வருடத்துக்குச் சற்று முன்பே திரும்பிவிடும். நான்கு மாதம் மட்டும் போடுகிற வீடு என்றால் மிச்சமும் பாதிதான், ஆறு வருடம் செல்லும்.

6.5ஐயும் இதே வழியில் பாருங்கள். 3,360ஐ 6.5ஆல் வகுத்தால் 517 அலகு. 5.2 மெசினோடு ஒப்பிட்டால் மிச்சம் 129 அலகுதான், ரூபாவில் 7,740. பருவ எண் 3.3இலிருந்து 5.2க்கு ஏறியபோது கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. எண் ஏற ஏற, அடுத்த படியில் கிடைக்கும் மிச்சம் சுருங்கிக்கொண்டே போகும். வகுத்தல் கணக்கின் இயல்பே அது. விற்பவர்கள் "இன்னும் 25 வீதம் கூடிய செயல்திறன்" என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது ஏற்கனவே குறைந்துவிட்ட பில்லின் மேல்.

அந்த ஒன்பது வருடத்துக்கு ஏன் தயங்குகிறேன் என்றால், லேபிள் எண் புது மெசினுக்கு உரியது. உப்புவெளியில் கடற்காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். தகட்டின் ஓரம் வெள்ளைப் பொடி பூத்து, விரலால் தொட்டாலே உதிர ஆரம்பித்தால் வெப்பம் வெளியேறுவது குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு 6.5 என்ற எண் லேபிளில் மட்டும்தான் இருக்கும். இன்வெர்ட்டரின் வெளிப்பெட்டிக்குள் ஒரு மின்சுற்றுப் பலகையும் இருக்கிறது. ஈரமும் உப்பும் அதைக் கெடுக்கும், பல்லி புகுந்து எரிந்துபோவதும் உண்டு. ஆகவே 5.2 மெசினிலும் தகட்டுக்கு நீலப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து வேறு சுவரில் பெட்டியைப் பொருத்தச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை மெயினை நிறுத்திவிட்டு, தகடுகளை நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவுங்கள். குழாயை அழுத்திப் பீச்சினால் தகடு மடங்கிவிடும்.

இந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது நீங்கள் இரவில் போடுவதாலும், கொங்கிறீட்டுக்குக் கீழே அறை அளவாக இருப்பதாலும்தான். கச்சான் வீசும் ஆனி, ஆடி நண்பகலில், தகரத்துக்குக் கீழே சீலிங் இல்லாத அறையில் ஓடும் ஏசிக்கோ, கதவைத் திறந்து திறந்து மூடும் கடைக்கோ இது பொருந்தாது. அங்கே இன்வெர்ட்டரும் வேகத்தைக் குறைக்காமல் முழுமூச்சாக ஓடும். அப்போது பார்க்க வேண்டியது பருவ எண்ணை அல்ல, பெட்டியில் ஒட்டிய தகவல் தகட்டை. குளிர்ச்சி 3,500 வாட், மின்சாரம் 1,030 வாட் என்று இருந்தால் முழு வேகத்தில் அது 3.4தான். முழு வேகத்தில் 1,000 மணித்தியாலம் ஓடினால் 3.1 மெசின் 1,129 அலகு இழுக்கும், இது 1,030. வெறும் 99 அலகு மிச்சம். அதே 60 ரூபாவில் 65,000 திரும்பப் பத்து வருடத்துக்கும் மேல் செல்லும். அப்படிப்பட்ட அறைக்கு முதலில் சீலிங் அடிப்பதுதான் நல்ல செலவு.

கடையில் வேறு பெட்டிகளையும் காட்டக்கூடும் என்பதால் ஒன்று. அமெரிக்க முறையில் எஸ்ஈஈஆர் 18 என்று போட்டிருந்தால் மலைத்துவிடாதீர்கள். அதை 3.41ஆல் வகுத்தால் 5.3 வரும். ஐரோப்பிய லேபிளில் வருடத்துக்கு 200 அலகு என்று ஒரு எண் இருக்கும். அது முழு வேகத்தில் 350 மணித்தியாலத்துக்குச் சமமான பாவனையை வைத்துப் போட்டது. உங்கள் பாவனை அதே கணக்கில் 960 மணித்தியாலம். மேலும் ஒவ்வொரு நாட்டு முறையும் வேறு வேறு காலநிலையை வைத்துக்கொள்வதால், ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் எண்ணோடு வைத்து எது நல்லது என்று தீர்மானிக்க முடியாது. ஒரே வகை எண் உள்ள இரண்டு மெசின்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

பொருத்திய பிறகு சரிபார்க்க ஒரு சுலபமான வழி. வீட்டு மீற்றரில் இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு ஏசியோடு, இரண்டு இரவு ஏசி இல்லாமல்; மற்றதெல்லாம் வழக்கம் போல. வித்தியாசம்தான் ஏசி இழுத்தது. 5.2 மெசினுக்குச் சராசரியாக 2.7 அலகு வர வேண்டும், சாதாரண மெசின் என்றால் 4.2. ஆடி மாதத்தில் கொஞ்சம் கூடும், மாசியில் குறையும். உங்கள் இன்வெர்ட்டர் இரவுக்கு நாலுக்கு மேல் காட்டினால், போட்டு ஒரு மணித்தியாலம் கழித்து எலக்ட்ரீசியனைக் கொண்டு கிளாம்ப் மீற்றரால் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் நாலரை அம்பியர் காட்டியது இரண்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் ரிமோட்டில் 20 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 26இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகப் போடுங்கள். அடுத்தது உள்பெட்டியின் வடிகட்டி. இரண்டும் சரியாக இருந்தும் அம்பியர் இறங்கவில்லை, அறையும் சரியாகக் குளிரவில்லை என்றால் காஸ் கசிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் அந்த மீற்றர் இலக்கங்களை எழுதிய தாளோடே கடைக்குப் போங்கள்.