மேடவாக்கம் டு கிண்டி: பாஸ், ஷேர் ஆட்டோ, பைக் - எது கட்டுப்படி?

கேள்வி: வீடு மேடவாக்கம், வேலை கிண்டி. ஒரு வழி 14 கிலோமீட்டர், மாதம் 25 நாள். பஸ்ஸில் வாசலுக்கு வாசல் ஒன்றே கால் மணி நேரம், பைக்கில் முக்கால் மணி நேரம். ஷேர் ஆட்டோ என்றால் விஜயநகரில் மாறி, ஒரு வழிக்கு 40 ரூபாய். புது பைக் வாங்கலாமா?

ஏசி இல்லாத பஸ்களுக்கான எம்டிசி மாத பாஸ் 1,000 ரூபாய். ஷேர் ஆட்டோ 2,000. அதில் ஆள் நிரம்பும்வரை வண்டி நகராது, இரண்டு இடத்திலும் காத்திருக்க வேண்டும். இரட்டிப்புச் செலவுக்கு அப்படியொன்றும் நேரம் மிச்சமாகாது.

பைக்குக்கு மாதம் 700 கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்கு 45 கிடைத்தால் பெட்ரோல் சுமார் 1,570. நான்கு மாதத்துக்கு ஒரு சர்வீஸ் என்று மாதம் 400, டயர், பிரேக்குக்கு 150, இன்சூரன்ஸ் 150, பார்க்கிங் நாளுக்கு 15 வீதம் 375. ஒரு லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஐந்து வருடத்தில் 40,000-க்குப் போனால் தேய்மானம் மாதம் 1,000. ஆக 3,645.

பாஸைவிட 2,645 அதிகம். நாளைக்கு ஒரு மணி நேரம், மாதம் 25 மணி நேரம் மிச்சம். அதாவது ஒரு மணி நேரத்தை 106 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் நான் யோசிக்காமல் கொடுப்பேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்து ஒரு தூக்கம் போடுகிறவர் என்றால் அந்த நேரம் முழுக்க நஷ்டமில்லை.

கேள்வி: இஎம்ஐயை விட்டுவிட்டீர்களே சார்? எனக்கு அதுவே 3,200.

பாதி சரி. இஎம்ஐயில் அசல் என்பது வண்டியின் விலைதான், அது தேய்மானத்தில் வந்துவிட்டது. வட்டியை மட்டும் கூட்டுங்கள். ஏற்கெனவே வண்டி வாசலில் நிற்கிறது என்றால் கணக்கே வேறு. ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்டத்தான் வேண்டும், விலையும் இறங்கும். பெட்ரோல், சர்வீஸ், டயர், பார்க்கிங் மட்டும் பார்த்தால் 2,495.

கேள்வி: எங்களுக்கு பஸ் இலவசம். அப்புறம் எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?

சாதாரணக் கட்டண பஸ்ஸில்தானே அம்மா இலவசம்? அதற்காக எத்தனை டீலக்ஸை விடுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவசரமான காலையில் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும், பாஸ் வேண்டாம்.

கேள்வி: நான் வாரம் மூன்று நாள்தான் ஆபீஸ் போகிறேன். பாஸ் எடுக்கலாமா?

மாதம் 13 நாள் வரும். போக வர 77 ரூபாய்க்கு மேல் டிக்கெட் ஆனால்தான் பாஸ் லாபம். உங்களுக்கு அன்றாட டிக்கெட்டே போதும்.

கேள்வி: இரவு 11 மணிக்கு ஷிப்ட் முடிகிறவனுக்கு?

மேலே சொன்னது பகல் கணக்கு. அந்த நேரத்தில் உங்கள் ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், கடைசி பஸ் எப்போது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.