சம்பளக் கணக்கில் ஜிபே வேண்டாம்

கேள்வி: சம்பளம் வந்து பத்து நாளிலேயே பணம் கரைந்துவிடுகிறது. மனதில் நிற்கிற மாதிரி ஒரே ஒரு வழி சொல்லுங்களேன்?

சம்பளம் விழும் கணக்கை ஜிபேயில் இணைக்காதீர்கள். ஏற்கெனவே இணைத்திருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் நடக்கும் ஒரே சட்டம் இதுதான்.

உங்களுக்கும் என்னைப் போல மாதச் சம்பளம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்குக் கைக்கு வருவது 32,000. வாடகை 8,000, அம்மாவுக்கு 4,000, வண்டித் தவணை 3,500, ஆர்.டி. 3,000, பள்ளிக் கட்டணத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் 1,500. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அதனால் பாதியை மாதாமாதம் ஒதுக்கிவிடுவேன். இந்த 20,000-மும் சம்பளக் கணக்கிலிருந்தே போகும்.

மீதி 12,000. இதை நாலால் வகுக்காமல் ஐந்தால் வகுக்க வேண்டும். ஞாயிறுதோறும் 2,400 ரூபாயை, மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத இன்னொரு கணக்குக்கு வங்கி ஆப் வழியாக மாற்றிவிடுவேன். ஜிபே அந்தக் கணக்கில் மட்டும்தான். காய்கறி, பால், பெட்ரோல், டீக்கடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெரும்பாலான மாதங்களில் நாலு ஞாயிறுதான் என்பதால் ஒரு 2,400 அப்படியே நிற்கும். மொய், மருந்து, தீபாவளி எல்லாம் அதிலிருந்துதான்.

என் மகளுக்கே இது பழகிவிட்டது. வியாழக்கிழமை ஐஸ்கிரீம் கேட்டால், "அப்பா, ஜிபேயில எவ்வளவு இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் கோன் ஐஸா, குச்சி ஐஸா என்று முடிவு செய்வாள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தவணைத் தேதி 5, ஆனால் சம்பளம் 7-ஆம் தேதி என்றால் தவணை பவுன்ஸ் ஆகும். கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் போடுவார், வங்கி தன் பங்குக்கு இன்னொன்று போடும். ஆரம்பத்திலேயே தவணைத் தேதியை 10-க்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

"வாங்குகிற சம்பளமே பத்தலை, இதில் வகுத்தல் வேறயா" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். நியாயமான கேள்விதான். வாடகையும் வட்டியுமே சம்பளத்தைத் தாண்டினால் இந்த வழி உதவாது, முதலில் கடனைத்தான் பார்க்க வேண்டும். மாத முதலில் இருக்கும் பணம் மாதக் கடைசியில் இல்லாதவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.டி. போட வங்கிக்குப் போனபோது, "அதைவிட நல்ல திட்டம் சார்" என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். வாசித்தால் பத்து வருஷ இன்ஷூரன்ஸ் பாலிசி! எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களிடமும் இப்படித்தானே நீட்டுவார்கள்? படிவத்தில் 'பிரீமியம்' என்று எங்கேயாவது இருந்தால் அது ஆர்.டி. இல்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.