டெட்லிப்டில் பிடி நழுவுகிறது: கிரிப்பர், கையுறை வாங்கலாமா?

கேள்வி: டெட்லிப்டில் 100 கிலோ வரை எனக்குச் சிரமமில்லை. 110 கிலோவில் மூன்றாவது தடவை தூக்கும்போது இடுப்பிலும் காலிலும் பலம் மிச்சமிருக்க, விரல்கள் விரிந்து பார் நழுவுகிறது. கம்பியில் தொங்கினாலும் 40 செக்கனுக்கு மேல் முடிவதில்லை. கடையில் ஸ்பிரிங் கிரிப்பரும் கையுறையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், கல்முனை)

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் மக்னீசியம் காபனேற்று சோக் கட்டி ஒன்றையும், பிறகு தேவைப்பட்டால் நல்ல ஸ்ட்ராப் ஒரு சோடியையும் வாங்குங்கள். ஏன் என்று சொல்வதற்கு, நழுவும்போது கையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

விரல்களை மடக்கும் முக்கிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில், முன்கையின் உட்புறத்தில் இருக்கின்றன. மேலடுக்குத் தசை விரலின் நடு மூட்டையும், அதற்கு அடியிலுள்ள ஆழமான தசை நுனி மூட்டையும் மடக்குகின்றன. இரண்டின் தசைநார்களும் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. தொடை, பிட்டம், முதுகு ஆகியவற்றின் பெரிய தசைகள் சேர்ந்து உயர்த்தும் எடை முழுவதும் இந்தச் சிறிய தசைகளின் வழியாகவே பாருக்குப் போய்ச் சேருகிறது. 110 கிலோவில் ஒவ்வொரு கைக்கும் 55 கிலோ. கால்கள் ஒவ்வொரு தடவையும் பாரைத் தரையில் வைக்கும்போது சற்று ஆறுகின்றன. விரல்களோ முதல் தடவையிலிருந்து கடைசித் தடவை வரை பிடியை விடுவதில்லை. ஆகவே உங்கள் முதுகு பலவீனமானது என்று எண்ணத் தேவையில்லை.

பிடி படிப்படியாகத் தளர்வதில்லை, திடீரென்று விட்டுப்போகிறது என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். இரு உள்ளங்கைகளும் உங்களை நோக்கியிருக்கும் சாதாரணப் பிடியில், பார் உருண்டு விரல் நுனியை நோக்கி நகர முயல்கிறது. அது நுனியை நெருங்க நெருங்க விரல் மூட்டுகளின் மேலுள்ள நெம்பு விசை கூடுகிறது. அதனால் விரல் மேலும் விரிகிறது, பார் மேலும் நகர்கிறது. இதற்கு மணிக்கட்டும் துணைபோகலாம். மணிக்கட்டை உட்புறமாக நன்றாக மடக்கிக்கொண்டு கையை இறுக்கிப் பொத்திப் பாருங்கள், இறுக்கம் வராது. மணிக்கட்டை நேராக, சற்றே பின்புறம் சாய்த்து வைத்திருப்பவை முன்கையின் புறப்பக்கத் தசைகள். அவை சோர்ந்தால், உட்புறத் தசைகளில் பலம் இருந்தாலும் பிடி குறைந்துவிடும்.

இப்போது ஜிம்மில் உள்ள பாரை அளந்து பாருங்கள். ஒரு நூலைப் பாரின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அடிமட்டத்தில் வையுங்கள். 88 மில்லிமீற்றர் என்றால் விட்டம் 28 மில்லிமீற்றர், அதாவது ஒலிம்பிக் போட்டிகளில் ஆண்கள் பாவிக்கும் பாரின் அளவு. 100 மில்லிமீற்றர் வந்தால் விட்டம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர். மலிவான பார்கள் பல இப்படித்தான் இருக்கும். இந்த 4 மில்லிமீற்றர் வித்தியாசமே விரல்கள் பாரைச் சுற்றிச் செல்லும் தூரத்தைக் குறைத்துவிடும். பாரின் மேலுள்ள சொரசொரப்பு தேய்ந்திருக்கிறதா என்றும், முனைக் குழல்கள் தாராளமாகச் சுழல்கின்றனவா என்றும் பாருங்கள். குழல் இறுகியிருந்தால் தட்டுகள் சுழலும்போது பாரும் கைக்குள் சுழலும்.

கையுறையை வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள துணி, இரு புறமும் சேர்ந்து விட்டத்தை 4 மில்லிமீற்றர் கூட்டுகிறது. அதோடு தோலுக்கும் இரும்புக்கும் நடுவே வழுக்கும் அடுக்காகவும் அமைகிறது. ஸ்பிரிங் கிரிப்பர் வேறு பலத்தை வளர்ப்பது: திறந்த கையை மூடும் பலம். உங்களுக்குத் தேவை, மூடிய கை திறவாமல் தாக்குப்பிடிக்கும் பலம். கிரிப்பரில் பயன் சிறிதும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பார் உங்களிடம் இருக்கும்போது பாரே சிறந்த கருவி.

நம் கரையோரப் பகுதியின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்ப்பதுதான் நழுவலில் பெரும் பங்கு வகிக்கும். சோக் அந்த ஈரத்தை உறிஞ்சி உராய்வைக் கூட்டுகிறது. வாங்கும்போது உறையில் மக்னீசியம் காபனேற்று என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள், ஏனெனில் முகத்துக்குப் பூசும் டால்க் பவுடர் இதற்கு நேர்மாறாக வழுக்கும். தூள் பறப்பதை ஜிம் உரிமையாளர் விரும்பாவிட்டால் திரவ சோக் கிடைக்கும்.

சோக் பூசியும் நழுவினால் பிடியை மாற்றலாம். ஒரு கையைத் திருப்பி, உள்ளங்கை வெளிப்புறம் பார்க்கப் பிடிப்பது கலப்புப் பிடி. ஒரு கையில் பார் உருளும் திசையை மறு கை தடுப்பதால் உடனே வித்தியாசம் தெரியும். திருப்பிய கையின் முழங்கையை மடக்கி இழுக்கவே கூடாது, மேற்கையின் முன்தசையான பைசெப்ஸ் அறுந்துபோகக்கூடும். பெருவிரலைப் பாரோடு ஒட்டி வைத்து, அதன்மேல் சுட்டுவிரலையும் நடுவிரலையும் பூட்டுவது கொக்கிப் பிடி. அது பலமானது, ஆனால் ஆரம்ப வாரங்களில் பெருவிரல் வலிக்கும். தடித்த பாரில் சிறிய கைகளுக்கு எட்டாது.

ஸ்ட்ராப் எடையை மணிக்கட்டுக்கு மாற்றுவதால் பிடியின் வரம்பையே நீக்கிவிடுகிறது. பவர்லிப்டிங் போட்டிகளில் அதற்கு அனுமதியில்லை. கடையில் கேட்கும்போது, பாரைச் சுற்றிக் கட்டும் நீண்ட நாடா வேண்டும் என்று விளக்கிச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மணிக்கட்டை இறுக்கும் மீள்தன்மையுள்ள ரிஸ்ட் ராப்பை எடுத்துத் தருவார்கள், அது பிடிக்கு உதவாது. 100 கிலோ வரை சோக்குடன் சாதாரணப் பிடியில் தூக்கி, கடைசித் தடவையில் பாரை மேலேயே 10 முதல் 15 செக்கன் வரை பிடித்திருங்கள். அதற்கு மேற்பட்ட எடைகளுக்கு மட்டும் கலப்புப் பிடியையோ ஸ்ட்ராப்பையோ பாவியுங்கள். ஸ்ட்ராப்புடன் 110 கிலோ ஐந்து தடவை ஒழுங்காக எழுந்தால், குறை பிடியில் மட்டுமே என்பது உறுதியாகிவிடும். முழங்கையின் உட்புறத்தில் வலி தொடங்கினால் இந்தப் பிடிப்புப் பயிற்சியைக் குறையுங்கள். தசையை விட மெதுவாகவே தசைநார் பலம் பெறும்.

தொங்குவதில் பிரச்சினை சற்று வேறு. 70 கிலோ உடலென்றால் கைக்கு 35 கிலோதான், ஆனால் நேரம் நீளமானது. இறுகிய தசை தன்னுள் செல்லும் இரத்தக் குழாய்களையே நசுக்குவதால் இரத்த ஓட்டம் குறைந்து முன்கை எரிகிறது, வீங்கியதுபோல் கடுக்கிறது. அதற்குத் தனியாகத் தொங்கிப் பழக வேண்டும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் போதும்.

கேள்வி: ஜிம் கம்பியில் 45 செக்கன் தொங்கும் நான், வீட்டில் பொருத்திய ஒன்றரை அங்குல ஜிஐ குழாயில் 20 செக்கன்கூடத் தொங்க முடியவில்லை. குழாயில் ஏதும் குறையா?
(வாசகி, கல்லடி)

பதில்: குழாயில் குறையில்லை, அளவுதான் உங்கள் கைக்குப் பெரிது. ஹாட்வெயார் கடையில் சொல்லும் அங்குலம் குழாயின் உள்விட்டத்தையே ஏறத்தாழக் குறிக்கிறது. ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48 மில்லிமீற்றர். அதில் விரல்கள் முழுதாகச் சுற்றிவர மாட்டா. ஒரு அங்குலக் குழாயைக் கேளுங்கள், வெளிவிட்டம் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர் இருக்கும். சுவர் தடித்த வகையாகப் பார்த்து, தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு மீற்றருக்கு மேற்படாமல் பொருத்துங்கள். நாகப் பூச்சு வழுவழுப்பானது, ஆகவே தொங்கும் முன் கம்பியையும் கையையும் துடைத்துவிட்டுச் சோக் பூசுங்கள்.