வேன் 80-ல் வந்ததா?

கேள்வி: ஞாயிறு மாலை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கார் அடிபட்டது. இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்: "சார் சார், பெரிய ஆக்சிடென்ட்! 9-வது வளைவுல கீழேயிருந்து ஒரு வேன்காரன் குடிச்சுட்டு 80-ல பறந்து வந்து அடிச்சுட்டான். முன் பம்பர், வலது ஹெட்லைட் எல்லாம் போச்சு, கார் மொத்தமா காலி! கோட்டை மாரியம்மன் புண்ணியத்துல ஒருத்தருக்கும் காயமில்ல. தம்பிதான் ஓட்டினான், அவனும் கொஞ்சம் நடுவுல வந்துட்டான், தப்பு நம்ம மேலயும் இருக்கு. வேன் கதவுல கீறல்னு சண்டைக்கு வந்தான், ரெண்டாயிரம் கொடுத்து அனுப்பிட்டோம்." கம்பெனிக்கு முறையாக எழுதித் தரச் சொல்கிறார். எப்படி எழுதுவது?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் பாலிசி முழுக் காப்பீடா, மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா என்று முதலில் பாருங்கள். பின்னது என்றால் உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் வராது. முழுக் காப்பீடு என்றால், விபத்து யார் தவறால் நடந்தது என்பதை வைத்து உங்கள் காருக்கான தொகையை மறுக்க மாட்டார்கள். இது தெரியாததால்தான் பலர் எதிராளியைக் குடிகாரனாக்கிவிடுகிறார்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்ப்பது உங்கள் கதையும் காரின் நசுங்கலும் பொருந்துகிறதா என்பதைத்தான். கொண்டை ஊசி வளைவில், அதுவும் ஏற்றத்தில், வேன் 80-ல் வந்ததாம். உடைந்ததோ ஒரு பம்பரும் விளக்கும். அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த வேகத்தை நீங்கள் அளக்கவில்லை, வேன்காரர் குடித்ததைச் சோதிக்கவும் இல்லை. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

"மொத்தமா காலி" என்பதும் வேண்டாம். அந்தத் தொழிலில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு: பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் காரின் மதிப்பாகக் குறித்த தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் மொத்த இழப்பு. உங்களுடையது அந்தப் பக்கமே போகாது.

சிக்கலான இடம் "தப்பு நம்ம மேலயும் இருக்கு" என்பதுதான். கம்பெனியின் எழுத்துபூர்வச் சம்மதமில்லாமல் மற்றவரிடம் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது என்று பாலிசியின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. நாளை வேன் உரிமையாளர் நஷ்டஈடு கேட்டு வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி என்பதால் இந்த நிபந்தனை. அதற்காக நடந்ததை மறைத்துவிடாதீர்கள். தீர்ப்பை விட்டுவிட்டு, கார் எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். கொடுத்த பணத்தையும் சொல்லுங்கள். வேன்காரர் வாயிலிருந்து அது வருவதைவிட உங்கள் கடிதத்தில் இருப்பது நல்லது. நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தீர்கள் என்பதும் இருக்கட்டும். மலைப்பாதை குறுகும் இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது சர்வேயருக்கும் தெரியும்.

விடுபட்டவற்றையும் சேர்க்க வேண்டும். மற்றவர் வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் பாலிசி எண், அது செல்லுபடியாகும் காலம், நாள், நேரம், இடம், காயமடைந்தோர் விவரம், ஓட்டியவர் பெயர், உரிம விவரம் ஆகியவற்றைக் கம்பெனிக்கு எழுத்தில் தரச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு. போலீஸ் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்கவும் சொல்கிறது. போனீர்களா இல்லையா என்பதை உள்ளபடி எழுதுங்கள். நேரம் நினைவில்லை என்றால் போனில் எடுத்த முதல் படத்தின் விவரத்தில் இருக்கும்.

இதோ, கோடிட்ட இடங்களை மட்டும் நிரப்புங்கள்:

"பாலிசி எண் ____, காலம் ____ முதல் ____ வரை. கார் பதிவு எண் ____. ____ தேதி ஞாயிறு மாலை ____ மணிக்கு ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவர் என் தம்பி ____, ஓட்டுநர் உரிமம் எண் ____. 9-வது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எங்கள் கார் சாலையின் நடுப்பகுதியில் இருந்தது. எதிரே ஏறி வந்த வேனும் (பதிவு எண் ____) எங்கள் காரும் மோதின. காரின் முன் பம்பரும் வலது முகப்பு விளக்கும் உடைந்தன. வேனின் கதவில் கீறல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. வேன் ஓட்டுநருக்கு அங்கேயே 2,000 ரூபாய் கொடுத்தோம்; எழுத்தில் எதுவும் தரவில்லை. காவல் நிலையத்தில் தகவல்: ____. கார் இப்போது ____ இடத்தில் உள்ளது. சர்வேயரை அனுப்பக் கோருகிறேன். படங்கள் இணைப்பு."

"எழுத்தில் எதுவும் தரவில்லை" என்பது என் ஊகம். ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வரியை மாற்றுங்கள். மாரியம்மனைக் கடிதத்தில் சேர்க்க முடியவில்லை, நன்றியைக் கோயிலில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஏஜெண்டின் வாட்ஸ்அப்போடு நிற்காமல் கம்பெனியிடம் நேரடியாகப் பதிவு செய்து க்ளெய்ம் எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும்வரை பம்பரைக் கழற்ற விடாதீர்கள். உங்கள் முதல் மெசேஜ் ஏஜெண்டிடம் இருக்கிறது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், பதற்றத்தில் ஊகித்து எழுதியது, பார்த்தது கடிதத்தில் இருப்பதுதான் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.