பகலில் பார்ப்பதில்லை, மாலையில் படியேறுவதில்லை

கேள்வி: கும்பகோணத்தில் கடைத்தெருவில் பெண்களுக்கான சிறிய ஆடையகம் வைத்திருக்கிறேன். முகப்பு 10 அடி, மேற்குப் பார்த்த கண்ணாடி. வெயிலுக்காகக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, நான்கு பொம்மைகளுக்குச் சுடிதாரும் குர்த்தியும் போட்டு நிறுத்தியிருக்கிறேன். பகலில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாலையில் சிலர் நின்று பார்க்கிறார்கள், ஆனால் படியேறுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவது கண்ணாடியில் இருக்கிறது, இரண்டாவது வாசலில். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. அதனால் முதலில் பகலைப் பார்ப்போம்.

நாளை காலை 11 மணிக்கு எதிர்ச்சாரியில் நின்று உங்கள் கடையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். படத்தில் எதிர்க்கட்டடமும் போகிற ஆட்டோவும் தெளிவாகத் தெரிந்து, குர்த்தி நிழல்போல் மட்டும் தெரிந்தால், மக்கள் உங்கள் கடையைப் புறக்கணிக்கவில்லை. அவர்களுக்கு அது தெரியவே இல்லை. சாதாரணக் கண்ணாடி, நேராகப் பார்க்கும்போது, தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் அதிகம். நடந்து வருகிறவர் எப்போதும் சாய்வாகத்தான் பார்க்கிறார். உங்கள் கடை மேற்குப் பார்த்தது என்பதால், முற்பகல் முழுவதும் எதிர்ச்சாரிச் சுவர்கள் வெயிலில் பளிச்சென்று இருக்கும், உங்கள் முகப்பு நிழலில் இருக்கும். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு என்றால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும்.

நீங்கள் ஒட்டியிருக்கும் கறுப்பு ஃபிலிம் இதை இன்னும் மோசமாக்குகிறது. முதல் வேலையாக அதை உரித்துவிடுங்கள். துணி வெளுக்கும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு, புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் நிறமற்ற ஃபிலிம் கிடைக்கிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பொம்மையின் ஆடையை வாரம் ஒரு முறை மாற்றுங்கள். மாற்றும்போது தோள்பட்டைத் துணியையும் உள்மடிப்பையும் ஒட்டிவைத்துப் பாருங்கள். நிறத்தில் வித்தியாசம் தெரிந்தால் ஒரு வாரம்கூட அதிகம் என்று பொருள்.

அடுத்து, உட்புறத்தை வெளிச்சமாக்க வேண்டும். கூரை விளக்குகளைக் கூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஒளி பொம்மையின் தலையிலும் தோளிலும்தான் விழும். மார்புப் பகுதியின் வேலைப்பாடு இருட்டாகவே இருக்கும். கண்ணாடியை ஒட்டி உட்பக்கக் கூரையில் இரண்டு மூன்று ஸ்பாட் விளக்குகளைப் பொருத்தி, கடையை நோக்கிச் சாய்த்து, பொம்மையின் மார்பில் ஒளி விழச் செய்யுங்கள். வாங்கும்போது, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண் 90-க்கு மேல் உள்ளதாகக் கேளுங்கள். இல்லையென்றால் அரக்குச் சிவப்பு பழுப்பாகத் தெரியும். ஆனால் எந்த விளக்கும் பகல் வெயிலை வெல்லாது. எனவே பொம்மையைக் கண்ணாடியிலிருந்து ஓர் அடிக்குள் கொண்டுவாருங்கள். தெருவின் வெளிச்சமே அதன்மேல் விழும். பின்னால் வெண்மையான அல்லது வெளிர் நிறத் தட்டி வையுங்கள். பிரதிபலிப்பு இருண்ட பின்னணியில்தான் தூக்கலாகத் தெரியும்.

பிற்பகலில் நிலைமை தலைகீழாகும். வெயில் நேராகவே விழுவதால் ஆடை நன்றாகத் தெரியும், ஆனால் சூடு தாங்காமல் பலர் படுதாவை இறக்கிவிடுகிறார்கள். அதைத் தரைவரை இறக்காமல், நடப்பவரின் கண்மட்டம் மறையாதபடி ஆறரை அடி உயரத்தில் நிறுத்துங்கள். நாலு மணிக்குமேல் சாய்வெயில் அதற்குக் கீழே புகுந்து வரும். அந்த நேரத்துக்கு வழி இல்லை.

பொம்மைகளின் எண்ணிக்கைக்கு வருகிறேன். சாதாரண நடையில் 10 அடி முகப்பைக் கடக்க இரண்டரை விநாடிதான் ஆகும். நான்கு பொம்மைகள் நான்கு நிறத்தில் நின்றால் அந்த நேரத்தில் எதுவும் மனத்தில் பதியாது. இரண்டு போதும். பேருந்து நிலையப் பக்கமிருந்து அதிகம் பேர் வருகிறார்கள் என்றால், இரண்டையும் அந்தப் பக்கம் சற்றுத் திருப்பி வையுங்கள். வருகிறவருக்கு ஆடையின் முன்பக்கம் ஐந்தாறு அடி முன்னதாகவே தெரியும். இன்னொன்று: முகப்பில் நிற்கும் இருசக்கர வாகனங்கள் கீழ் மூன்று அடியை மறைத்துவிடும். பல கடைகளில் முதலில் வந்து நிற்பது கடைக்காரரின் வண்டியும் ஊழியரின் வண்டியும்தான். அவற்றை அப்புறப்படுத்துங்கள். மற்றவர்களின் வண்டிகளுக்காக, பொம்மை நிற்கும் மேடையை ஒன்றரை அடி உயர்த்துங்கள்.

இனி மாலை. வெளியே இருட்டிவிட்டால் கண்ணாடி தானாகவே தெளிந்துவிடும். அதனால்தான் மாலையில் நின்று பார்க்கிறார்கள். நின்ற பிறகும் ஏறாதவர் மனத்தில், எனக்குத் தெரிந்தவரை, இரண்டு கேள்விகள் இருக்கின்றன: விலை நமக்குக் கட்டுப்படியாகுமா? உள்ளே போய்விட்டு வாங்காமல் வெளியே வர முடியுமா?

முதல் கேள்விக்கு விலை அட்டைதான் பதில். பொம்மையின் பக்கத்தில், ஓர் அங்குல உயர எழுத்தில், ஒரே ஒரு விலை. கடையின் மிக மலிவான துணியை வைத்து ஆளை இழுக்காதீர்கள். உங்கள் கடையில் அதிகம் விற்கிற நடுத்தர விலை ஆடையையே வையுங்கள். அதே ஆடை எல்லா அளவிலும் வாசலுக்கு அருகிலேயே தொங்க வேண்டும். "பொம்மைமேல் இருப்பதுதான் கடைசிப் பீஸ்" என்று ஒரு முறை கேட்டவர் அடுத்த முறை கண்ணாடியை நம்ப மாட்டார்.

இரண்டாவது கேள்விக்கு ஈரோட்டில் ஒரு கடையில் கண்டதைச் சொல்கிறேன். வாசலிலிருந்து இரண்டடி தள்ளி கல்லா மேசை. உரிமையாளர் தெருவைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருப்பார். யாராவது நின்றால் உடனே எழுந்து "வாங்கம்மா, உள்ளே வந்து பாருங்க" என்பார். அவர் அன்பாகத்தான் கூப்பிட்டார். அந்தப் பெண்களோ கண்ணைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தார்கள். மேசையை உள்ளே இடதுபுறச் சுவரோரம் மாற்றினோம். வாசலிலிருந்து நான்கடியைக் காலியாக விட்டோம். அதைத் தாண்டி, கையெட்டும் உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் துப்பட்டாக்களைத் தொங்கவிட்டோம். வருகிறவர் முதலில் ஒரு துணியைத் தொட்டுப் பார்க்கட்டும், அதன்பிறகு பேசுங்கள் என்று சொன்னேன். "செருப்பை வெளியே விடவும்" என்ற பலகையையும் எடுக்கச் சொன்னேன். வார் வைத்த செருப்பு, கையில் பை, இடுப்பில் குழந்தை என்று வருகிறவருக்கு அந்தப் பலகை ஒரு பூட்டு. தரையை இன்னொரு முறை துடைத்துக்கொள்ளலாம்.

பொம்மைக்குப் பின்னால் வைக்கும் தட்டியும் முழு உயரத்துக்கு வேண்டாம். நான்கடி போதும், அதற்கு மேலே கடையின் உள்ளும் அங்கே நிற்கும் மற்ற பெண்களும் தெரிய வேண்டும். தட்டி தாழ்ந்தால் பகலில் மேல்பாதியில் சற்றுப் பிரதிபலிப்பு இருக்கும். ஆடை தெரிந்தால் போதும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். எது பலித்தது என்று தெரியாமல் போகும். இப்போதே, எதையும் தொடுவதற்கு முன், காலை 11 முதல் 12 வரையும் மாலை 6 முதல் 7 வரையும் மூன்று நாள் எண்ணுங்கள்: கடந்தவர், நின்றவர், உள்ளே வந்தவர். ஃபிலிமை உரித்து விளக்கைத் திருப்பிய வாரத்தில் காலையில் நின்றவர் எண்ணிக்கை ஏற வேண்டும். மேசையை நகர்த்திய வாரத்தில், மாலையில் நின்றவர்களில் உள்ளே வந்தவரின் பங்கு ஏற வேண்டும். அதே கிழமைகளில் எண்ணுங்கள். முகூர்த்த நாளையும் ஆடித் தள்ளுபடி நாள்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.