லோகோ ஒட்டிய பொட்டலமும் ஓடிப்போன வாடிக்கையாளரும்: சிறுதொழில் கேள்வி பதில்

18 ஆண்டுகளாகச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் உணவுப் பொட்டலங்களுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கிறேன். முதல்முறை தொழில் தொடங்குகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

யீஷூன், வீட்டில் இட்லி மாவு: "அக்கா, லோகோ போட்டாச்சு, பேரும் வச்சாச்சு. பிராண்ட் ரெடிதானே?"

இன்னும் இல்லைம்மா. உங்களைப் போலவே மாவு விற்ற ஒருவரின் கதையைச் சொல்கிறேன், வித்தியாசம் புரியும்.

அவர் முதலில் லோகோ இல்லாமல்தான் விற்றார். வெறும் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட், அரைத்த தேதி மார்க்கரில். சுமார் 40 வீடுகள் வாங்கின. "அந்த மூணாவது மாடி மாவு" என்றே எல்லாரும் சொன்னார்கள். இங்கே பொருள் மாவு. பிராண்ட் என்பது, "மூணாவது மாடி மாவு" என்றதும் அந்த 40 வீட்டாரின் மனதில் வந்த நம்பிக்கை: இன்றைக்கு வாங்கினால் நாளைக் காலை புளிப்பில்லாமல் பஞ்சு மாதிரி இட்லி வரும். படம் ஒன்றுகூட இல்லாமலே பிராண்ட் இருந்தது.

அப்புறம் 600 வெள்ளி கொடுத்து லோகோ வரைந்தார். என்னிடம் 2,000 லேபிள் அச்சடித்தார். ஆர்டர் கூடியதும் வேறொருவரிடம் அரைக்கக் கொடுத்தார். அரைத்த அந்த ஆள் உளுந்தைக் குறைத்தார், மாவைக் கிரைண்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டார். நம் ஊர் வெக்கையில் மாவு எவ்வளவு வேகமாகப் பொங்கும் என்று உங்களுக்குத் தெரியும். பைகள் உப்பிக்கொண்டு வந்தன, இட்லி தட்டையாகப் போனது. முன்பென்றால் "இந்த வாரம் சரியில்லை" என்று மன்னித்திருப்பார்கள். இப்போது பச்சை லேபிளைப் பார்த்ததுமே ஒதுக்கினார்கள். எதைத் தவிர்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தது அந்த லோகோதான்.

லோகோ ஓர் அடையாளம், அவ்வளவுதான். பொருள் நன்றாக இருந்தால் அதையும், கெட்டால் அதையும் ஒரே மாதிரி நினைவுபடுத்தும். அதனால் லேபிளுக்கு வரும் முன் ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: வாங்குகிறவர் உங்களிடம் எதை எதிர்பார்க்கலாம்? அந்த வரி தவறாமல் இருக்க அரிசி, உளுந்து அளவு, அரைத்த நேரம், குளிர்பெட்டி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். வேறு ஆள் அரைத்தாலும் அதே மாவு வரவேண்டும்.

தெம்பனிஸ்: "லோகோவுக்குச் சிவப்பு நல்லதா, பச்சை நல்லதா?"

பக்கத்துக் கடை மாவு எந்த நிறமோ அது வேண்டாம்.

செங்காங், மசாலாப் பொடி: "அக்ராவில் பேரைப் பதிஞ்சுட்டேன். இனி யாரும் எடுக்க முடியாதுல்ல?"

எடுக்க முடியும். அக்ரா என்பது தொழில்களைப் பதியும் அரசு அமைப்பு, அங்கே பதிவது தொழிலை நடத்துவதற்கு. அந்தப் பெயரைப் பொட்டலத்தில் போட உங்களுக்கு மட்டுமே உரிமை என்று ஆகாது. அதற்கு அறிவுசார் சொத்து அலுவலகத்தில், அதாவது ஐபோஸில், வணிக முத்திரையாகப் பதிய வேண்டும். பதிந்தால் 10 ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். நீங்கள் கேட்ட பொருள் வகைக்குத்தான் பாதுகாப்பு. மசாலாப் பொடி 30ஆம் வகை, உணவகம் 43ஆம் வகை. பொடிக்கு மட்டும் பதிந்துவிட்டு நாளைக்கு உணவகம் திறந்தால் அது தனி விண்ணப்பம். பொருளின் பெயரையே வெறுமனே பதியவும் விடமாட்டார்கள். "சாம்பார் பொடி" என்ற சொல் எல்லாருக்கும் வேண்டும். பதிவாகும் முன் ® குறியைப் போடாதீர்கள், அது குற்றம்.

ஜூரோங், ஓய்வுபெற்ற மளிகைக்கடைக்காரர்: "நீங்க சொல்றது தப்பு. லோகோதான் பிராண்ட். எழுத்துத் தெரியாத பாட்டிகூட ஒட்டக மார்க், யானை மார்க்னு கேட்டு வாங்கினதை 30 வருஷம் பார்த்தவன் நான்."

ஐயா, இதில் பாதி முழு உண்மை, ஒத்துக்கொள்கிறேன். தமிழ், சீனம், மலாய் என்று ஒருவர் எழுத்து மற்றவருக்குப் புரியாத ஊரில் படம்தான் பெயராக இருந்தது. அதனால்தான் படத்தைச் சொல்லிக் கேட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டி இரண்டாவது முறை ஏன் அதே யானையைக் கேட்டார்? முதல் பொட்டலம் ஏமாற்றவில்லை. அதே யானைக்குள் மட்டச் சரக்கு வந்திருந்தால் வேறு மார்க் கேட்டிருப்பார்.

அதே ஐயா: "இல்லம்மா. எங்க கடையில ஒரு மார்க் சரக்கு ரெண்டு வருஷம் மோசமா வந்துச்சு. அப்பவும் அதைத்தான் கேட்டாங்க. படம் மனசுல பதிஞ்சுட்டா போகாது."

இது நான் எதிர்பார்க்காத பதில், ஐயா. பழக்கம் அவ்வளவு நாள் தாங்கும் என்பதை மறுக்க முடியவில்லை. ஆனால் பல வருடம் நல்ல சரக்கு கொடுத்துச் சேர்த்த நம்பிக்கையைத்தானே அந்த இரண்டு வருடமும் செலவழித்தார்கள்? நேற்று தொடங்கியவரிடம் அந்தச் சேமிப்பு இல்லை. உங்களுக்கு இது ஒப்புமா என்று தெரியவில்லை.

பாசிர் ரிஸ்: "லோகோவுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?"

இதே கேள்வி இன்றைக்கு நான்காவது முறை. தொகையைவிட முக்கியமானது, வரைந்தது யாருடையது என்பது. வெளி ஆளிடம் காசு கொடுத்து வரைந்தாலும் எழுத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் பதிப்புரிமை வரைந்தவரிடம்தான் இருக்கும். எனக்கே நடந்தது. என் கடை லோகோவைப் பெயர்ப்பலகைக்குப் பெரிதாக்கக் கேட்டபோது, வரைந்தவர் மறுபடியும் காசு கேட்டார். என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் மட்டும். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் மங்கிப்போனது. உரிமையை உங்களுக்கு மாற்றுவதாக அவர் கையெழுத்துப் போட்ட தாளையும், எந்த அளவுக்கும் பெரிதாகும் .svg கோப்பையும் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

உட்லண்ட்ஸ், பரோட்டா கடை: "மாஸ்டர் ஊருக்குப் போயிட்டார், கூட்டம் குறைஞ்சு போச்சு. லோகோவை மாத்தலாமா?"

மாற்றினால் பலகைக்காரருக்கு வேலை, உங்களுக்குச் செலவு. கூட்டம் வந்தது மாஸ்டரின் கைக்காக. புது ஆளின் பரோட்டாவையும் குருமாவையும் பழைய வாடிக்கையாளர் ஐந்து பேருக்குக் கொடுத்து, எது மாறிவிட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் மாவு ஊறும் நேரமோ எண்ணெயோதான் இருக்கும். அது சரியாகும் வரை பலகையைத் தொடாதீர்கள்.

புக்கிட் பாத்தோக்: "வீட்டிலிருந்து விற்க அனுமதி வேணுமா?"

இது என் துறை இல்லை. சிங்கப்பூர் உணவு அமைப்பும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தங்கள் இணையத்தளங்களில் விதிகளைப் போட்டிருக்கின்றன, அங்கே பாருங்கள்.

மறுபடியும் யீஷூன்: "என் வரி: 'இன்னைக்கு வாங்கினா நாளைக்குப் புளிக்காது.' இதே லேபிள்ல முறுக்கும் விக்கலாமா?"

வரி நன்றாக இருக்கிறது. அதை லேபிளில் அச்சடிக்கும் முன் மூன்று வாரம் அரைத்த நேரத்தையும் மறுநாள் புளிப்பையும் குறித்துப் பாருங்கள். ஒரு நாள் தவறினாலும் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். முறுக்கை இப்போதைக்குத் தனியாக வையுங்கள். மாவில் பயம் புளிப்பு, முறுக்கில் பயம் எண்ணெய்ச் சிக்கு. முதல் பொட்டலத்தில் சிக்கு வாடை வந்தால் அதே பெயரில் இருக்கும் மாவையும் சந்தேகப்படுவார்கள். தெரிந்த பத்து வீட்டுக்கு லேபிள் இல்லாமல் கொடுங்கள். மூன்றாவது வாரத்திலும் மொறுமொறுப்பு இருந்தால் என்னிடம் வாருங்கள், அச்சடிப்போம்.