நனைந்த பத்திரமும் ராத்திரி ரெண்டு மணியும்

"நடந்து முடிந்ததையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தப்பிலிருந்து பாடம் படிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் இது உதவுகிறதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

ராத்திரி முழித்துக் கிடந்துதான் இதைத் தட்டியிருப்பீர்கள். நானும் ஏழு மாதம் அப்படிக் கிடந்தவன். நான் டாக்டர் இல்லை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு மனசைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பெய்த மழை தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நான் பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தேன். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் போன் பண்ணினார். "அண்ணாச்சி, ரோட்டுல தண்ணி ஏறுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." நான் சொன்னது: "காலையில பாத்துக்கிடலாம்வே." காலையில் ஜங்ஷனே தண்ணீருக்குள் கிடந்தது. ரெண்டு நாள் கழித்து ஷட்டரைத் தூக்கியபோது மெஷின், கம்ப்யூட்டர், பேப்பர் கட்டு எல்லாம் சேறு. கிட்டத்தட்ட நாலு லட்சம்.

அதற்கப்புறம் தினமும் ரெண்டு மணிக்கு முழிப்பு வரும். "ஏன் போகல? ஏன் இப்படிச் சோம்பேறியா இருக்கேன்? எனக்கு மட்டும் ஏன் இப்படி?" இந்த மூன்று கேள்வியும் செக்குமாடு மாதிரி விடிகிறவரை சுற்றும். வீட்டில் கேட்டால், "யோசிச்சுக்கிட்டு இருக்கேன், அடுத்த தடவை இப்படி நடக்கக்கூடாதுல்லா" என்பேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். ஏழு மாதம் யோசித்தும் கடையில் ஒரு அலமாரியைக்கூட உயரத்தில் மாட்டவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அக்கா மகள் சைக்காலஜி படித்தவள். ஆடிக் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவள்தான் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்கப் பேராசிரியையைப் பற்றிச் சொன்னாள். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு ரெண்டு வாரம் முன்புதான், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்போர்ட் மாணவர்களிடம் அவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே பிள்ளைகளைப் பார்த்தார். முன்பே உள்ளுக்குள் குமைந்துகொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் ரெண்டு தடவையும் அதிகம் சோர்ந்திருந்தார்கள். "உங்களுக்கு வெள்ளம், அவங்களுக்கு நிலநடுக்கம், அவ்வளவுதான் மாமா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நாலு லட்சம் போனவனுக்கு இது ஒரு பேச்சா?

அப்புறம் ஒரு வேலை கொடுத்தாள். எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இந்தக் குமைச்சலுக்கென்றே வைத்தியமுறை வகுத்தவராம். 'ஏன்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மனசு சுற்ற ஆரம்பிக்கும், 'எப்போது, எங்கே, எப்படி' என்று கேட்டால் அது ஓர் இடத்தில் போய் நிற்கும் என்பது அவர் முறையின் அடிப்படை. அதனால் ஒரு நோட்டு. பகல் வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, அரைமணி நேரம், அதற்கு மேல் இல்லை. 'ஏன்' என்ற சொல்லே வரக்கூடாது. "ஒன்பது மணிக்குப் போன் வந்துச்சு. நீங்க எங்க உக்காந்திருந்தீங்க, உங்களுக்கு அப்ப என்ன தெரியும், அதை மட்டும் எழுதுங்க மாமா."

முதல் நாள் எழுதியது: நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். 1992 வெள்ளத்தில் எங்கள் கடைத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அப்பா சொன்னது மனசில் இருந்தது. அப்படியென்றால் நான் சோம்பலில் உட்காரவில்லை, அப்பா சொன்ன கணக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். ரெண்டாம் நாள், போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று வரிசையாக எழுதினேன். மெஷினை நாலு பேர் இல்லாமல் அசைக்க முடியாது. அந்த மழையில் நாலு பேருக்கு எங்கே போக? ஆகவே மெஷின் எப்படியும் போயிருக்கும். கம்ப்யூட்டர் பெட்டி, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள், மேஜை டிராயர் இவ்வளவையும் கால்மணி நேரத்தில் பரண் மேலே ஏற்றியிருக்கலாம்.

டிராயர் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. முன்னீர்பள்ளத்துப் பெரியவர் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்து, மூலப் பத்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை அதை டிராயரில் வைத்தவன் நான். வெள்ளத்துக்குப் பிறகு அவர் ரெண்டு தடவை போன் பண்ணினார், நான் எடுக்கவில்லை. ஏழு மாதமும் நாலு லட்சத்தைப் பற்றியே குமைந்தவன், இந்தப் பத்திரத்தை ஒரு ராத்திரிகூட நினைத்ததில்லை. அக்கா மகளிடம் சொன்னேன். குமைச்சலுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்றாள். பார்க்கப் பயமான ஒன்றைப் பார்க்காமல் இருக்க, மனசு பழகின வலியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளுமாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மனசு லேசானதா என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த ரெண்டாம் நாள் எனக்கு முன்னைவிடப் பாரமாகத்தான் இருந்தது. நோலன்-ஹோக்செமாவும் கூட இருந்தவர்களும் 2003-இல் குமைவதையும் யோசிப்பதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் இதே போலத்தான் வந்திருக்கிறது. யோசித்துப் பார்க்கிறவர்களுக்கும் அந்த நேரத்தில் சோர்வு கூடத்தான் இருந்தது, ஆனால் நாள் போகப்போகக் குறைந்தது. குமைகிறவர்களுக்கு அப்போதும் கூடுதல், பிறகும் கூடுதல். அதனால் நான் பார்ப்பது வேறு: நேற்று தெரியாத ஒரு விவரம் இன்றைக்கு வந்ததா? நாளைக்கு எழுந்து செய்ய ஒரு வேலை கிடைத்ததா? அரைமணி ஆகியும் ரெண்டும் இல்லையென்றால் நோட்டை மூடிவிட்டுப் போய்க் கடைக்குத் தண்ணீர் தெளிப்பேன். "நான் எப்பவுமே இப்படித்தான்" என்கிற மாதிரி வாக்கியம் வந்தாலும் மூடிவிடுவேன், அது விவரமே இல்லை.

எனக்குக் கிடைத்த வேலை, பெரியவருக்குப் போன் பண்ணுவது. திட்டினார். பத்து நிமிஷம் திட்டினார், திட்ட வேண்டியதுதான். மறுவாரம் அவரோடு சார்பதிவாளர் அலுவலகம் போய் ஆவண எண்ணையும் வருஷத்தையும் கொடுத்துச் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டேன். செலவு என்னுடையது. நகல் கைக்கு வந்த பிறகும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பரணுக்கு இப்போது இரும்பு அலமாரி அடித்தாயிற்று. யாருடைய மூலப் பத்திரத்தையும் ராத்திரி கடையில் வைப்பதில்லை. 

ஒன்று மட்டும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் போய்விட்டது, செத்துப்போகலாமா என்று தோன்றுகிறது என்றால் இந்த நோட்டெல்லாம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. மழை பலமாகப் பிடித்தால் ரெண்டு மணி முழிப்பு இப்போதும் வருகிறது. போன வாரம்கூட வந்தது, எழுந்து டீக்கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். "ரோடு காஞ்சு கெடக்கு அண்ணாச்சி, படுங்க" என்றார்.